டேங்கர் ஓட்டப் போகிறவருக்கு: மூன்று நாள் பயிற்சியும் ‘ஹசார்டஸ்’ பதிவும்

நாலைந்து வருஷம் லாரி ஓட்டிய பிறகு பலருக்கும் டேங்கர் பக்கம் மனம் போகும். தார்ப்பாய் கட்ட வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், லோடுக்காக மண்டி வாசலில் நாள்கணக்கில் கிடக்க வேண்டாம். ஒரு பிளான்ட்டில் ஏற்றி இன்னொரு பிளான்ட்டில் இறக்குகிற வேலை. நாமக்கல் வட்டாரத்தில் கேஸ் டேங்கர் வைத்திருக்கும் உரிமையாளர்கள் அதிகம் என்பதால், அங்கே ஒருவர் ஹெவி லைசென்ஸ் எடுத்ததுமே அடுத்த பேச்சு டேங்கரைப் பற்றித்தான்.

ஆனால் ஹெவி லைசென்ஸ் மட்டும் இருந்தால் கேஸ், பெட்ரோல், ஆசிட், அம்மோனியா போன்ற அபாயகரமான சரக்கை ஏற்றிச் செல்ல முடியாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-வது விதி இரண்டு காரியங்களைக் கேட்கிறது. முதலாவது, மாநில அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் தேறிய சான்றிதழ். இரண்டாவது, அந்தச் சான்றிதழைக் காட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைசென்ஸில் செய்துகொள்ளும் பதிவு. டிரைவர்கள் இதை ‘ஹசார்டஸ் போடுவது’ என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போலிச் சான்றிதழ் நுழைகிறது. அது எப்படி நுழைகிறது, ஓர் இளைஞன் அதை எந்த இடத்தில் வேண்டாம் என்றான், பிறகு முறையான வழியில் எப்படிப் போனான் என்பதை அவனுடைய கதையோடு சேர்த்தே பார்ப்போம். பெயர் வேண்டாம். ராசிபுரம் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது, சிமென்ட் லோடும் மக்காச்சோளமும் ஓட்டிக்கொண்டிருந்தவன் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

புரோக்கர் என்ன சொன்னார்?

உள்ளூர் டேங்கர் உரிமையாளர் ஒருவர் அவனை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஹசார்டஸ் போட்ட லைசென்ஸோடு வந்தால் அடுத்த வாரமே வண்டி. அந்த அவசரத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் விசாரித்தபோது ஒருவர் தானாக வந்து பேசினார்.

“மூணு நாள் வகுப்புல உக்காந்து என்ன தம்பி பண்ணப் போற? நீ ஏற்கெனவே வண்டி ஓட்டறவன். லைசென்ஸ் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் குடு. நாளைக்குச் சாயங்காலம் சர்டிபிகேட் கையில. எட்டாயிரம் குடுத்தாப் போதும்.”

பையனுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. அவனுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் அசல், வேலையும் அசல். நடுவில் ஒரு காகிதம் மட்டும்தான் குறை என்று நினைத்தான். பெரும்பாலோர் விழுவது இந்த நினைப்பில்தான். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் கிளம்புவதில்லை. தெரிந்த வேலைக்கு எதற்கு வகுப்பு என்றுதான் கேட்கிறார்கள்.

அன்று இரவு தன் தாய்மாமனிடம் பணம் கேட்டான். மாமா இருபது வருஷம் டேங்கர் ஓட்டி ஓய்ந்தவர். அவர் புத்தி சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்.

“சரி கண்ணு, வாங்கிக்க. அந்த சர்டிபிகேட்டுல எந்த மூணு தேதி போடுவாங்க?”

“போன மாசம் ஏதாச்சும் மூணு நாள் போட்டுக்கலாம்னு சொன்னாருங்க மாமா.”

“போன மாசம் நீ எங்க இருந்த?”

ஹூப்ளியில் இருந்தான். அதற்கு முன்பு அரியலூர், அதற்கு முன்பு தூத்துக்குடி. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சுங்கச்சாவடியில் அவன் வண்டியின் ஃபாஸ்டேக் பணம் கழித்திருக்கிறது. டிரிப் ஷீட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது. முதலாளியின் கணக்கில் அந்த நாள்களுக்கான பேட்டா ஏறியிருக்கிறது. நாமக்கல்லில் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும் காகிதத்தை இத்தனை கணக்குகளும் பொய் என்று சொல்லிவிடும்.

போலி எப்போது பிடிபடுகிறது?

ஆர்.டி.ஓ. கவுன்டரில் பிடிபட்டால் அது நல்ல நேரம் என்றுதான் சொல்வேன். சான்றிதழில் உள்ள நிறுவனம் அங்கீகாரப் பட்டியலில் இல்லை, அல்லது அதன் வரிசை எண் நிறுவனத்தின் பதிவேட்டில் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டால், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமல் விஷயம் முடிகிறது.

கவுன்டரைத் தாண்டி, அசல் லைசென்ஸில் பதிவும் ஏறிவிட்டால் ஆபத்து பெரிதாகிறது. பதிவு ஏறியதும் போலி மறைந்துவிட்டது என்று டிரைவர் நம்புவார். இல்லை, அது கோப்பில் இருக்கிறது. விபத்து நடந்த பிறகு போலீசும் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளரும் முதலில் கேட்பது டிரைவரின் லைசென்ஸையும் அதற்கு அடிப்படையான சான்றிதழையும்தான். தேதிகளை டிரிப் ஷீட்டோடு ஒப்பிடுவது பெரிய துப்பறியும் வேலை அல்ல.

அதற்குப் பிறகு மூன்று பக்கமிருந்து அடி விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, மோசடி செய்தோ தவறான தகவல் தந்தோ பெற்ற லைசென்ஸை அதிகாரி ரத்து செய்யலாம். அப்போது ஹசார்டஸ் பதிவு மட்டும் அல்ல, சோறு போடும் ஹெவி லைசென்ஸும் போகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 336-வது பிரிவில் ஏமாற்றும் நோக்கத்துடன் செய்யும் போலி ஆவணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. போலி என்று தெரிந்தே அசல்போல் பயன்படுத்துகிறவருக்கும் செய்தவருக்குள்ள தண்டனையே என்கிறது 340-வது பிரிவு. மூன்றாவது அடி முதலாளிக்கு. தகுந்த பதிவு இல்லாத டிரைவர் ஓட்டினார் என்று காட்டி, காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கக் கேட்கும். ஒரு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கு அந்தத் தொகை வீட்டையே விற்க வைக்கும்.

பையன் மறுநாள் புரோக்கரிடம் போகவில்லை. முதலாளிக்கு போன் செய்து பத்து நாள் தவணை கேட்டான். அவரும் கொடுத்தார். நேர்மையான உரிமையாளர் பத்து நாள் பொறுப்பார். “எப்படியாவது நாளைக்கே கொண்டு வா” என்று அழுத்துகிற இடத்தில் வேலைக்குச் சேருமுன் இரண்டு முறை யோசியுங்கள். நாளை பிரேக்கும் டயரும் அப்படித்தான் கவனிக்கப்படும்.

படி 1: உங்கள் லைசென்ஸைச் சரிபாருங்கள்

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இதைச் செய்யுங்கள். போக்குவரத்து வாகனம் ஓட்டும் ஹெவி உரிமம் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் லைசென்ஸில் உள்ள பெயரும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பது நம்மூரில் சகஜம். பயிற்சிச் சான்றிதழில் லைசென்ஸில் உள்ளபடியே பெயர் வர வேண்டும் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரிவதும் ஒரு தகுதி. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள இந்திய மொழிகளில் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டேங்கரின் பின்னால் ஒட்டியிருக்கும் அபாய எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் காரணம் புரியும்.

படி 2: நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள்

இந்த ஒரு படிக்கு ஒரு முழு நாள் செலவானாலும் பரவாயில்லை. பையன் செய்த வரிசை இதுதான்.

1. நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குள் போய், “ஹசார்டஸ் பதிவுக்கு எந்தெந்தப் பயிற்சி நிறுவனத்தின் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டான். அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் கேட்கவில்லை.
2. தான் சேரப்போகும் முதலாளியிடம், அவர் வண்டிகள் லோடு ஏற்றும் பிளான்ட்டில் எந்த நிறுவனங்களின் சான்றிதழோடு டிரைவர்கள் வருகிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னான்.
3. இரண்டு இடத்திலும் சொல்லப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு நேரில் போனான். அரசின் அங்கீகார ஆணை எண், தேதி, எதுவரை செல்லும் என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த ஆணையை போனில் படமெடுத்தான்.
4. வகுப்பு எந்தத் தேதிகளில், தினமும் எத்தனை மணிக்கு, ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டான்.

நாலாவது கேள்விதான் உரைகல். விதியில் உள்ள பாடத்திட்டத்தில், ஒரு நேரத்தில் ஒரு டிரைவர் என்ற கணக்கில் வண்டியில் ஏற்றிச் சோதிக்கும் பகுதி இருக்கிறது. வண்டியும் இல்லை, வண்டி நிற்க இடமும் இல்லை, மாடியில் ஓர் அறை மட்டும்தான் என்றால் அங்கே பாடத்திட்டம் முழுதாக நடக்காது.

*குறிப்பு:* பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள ரசீதுக்கு மட்டும் கட்டுங்கள். தனியாள் ஒருவரின் போன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அசல் லைசென்ஸை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பயிற்சிக்கு நகலும், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ள அசலும் போதும்.

படி 3: மூன்று நாளும் உட்காருங்கள்

முதல் இரண்டு நாள் பாடம் பாதுகாப்பாக ஓட்டுவது பற்றியது: விபத்து எதனால் வருகிறது, பிரேக் அடித்தபின் வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கும், இரவு ஓட்டம், ரயில்வே கேட், சரிவில் இறங்குவது. பழைய டிரைவர்கள் இங்கேதான் கொட்டாவி விடுவார்கள். நம் பையனும் முதல் நாள் மதியம் வரை அப்படித்தான் இருந்தான்.

அவனை நிமிர வைத்தது திரவத்தின் ஆட்டம் பற்றிய பாடம். சிமென்ட் மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும். கேஸ் டேங்கரில் உள்ள திரவம் அப்படிக் கிடக்காது. கேஸ் டேங்கரை முழுதாக நிரப்பவும் கூடாது. வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் விட்டு, கொள்ளளவில் ஏறக்குறைய 85 சதவீதத்தோடு நிறுத்துவார்கள். மீதி இடத்தில் திரவம் ஆடும். குடம் தளும்பத் தளும்ப இடுப்பில் வைத்து நடந்தவருக்கு, திரும்பும்போது தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியும். ரவுண்டானாவில் வண்டியை ஒடிக்கும்போது திரவம் வெளிப்பக்கம் ஏறி நிற்கிறது. எடையின் மையம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் வண்டியை அது சாய்க்கப் பார்க்கிறது. திரும்பும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் பிரேக் தொடாமல் போக வேண்டும் என்பதை மூட்டை லோடு ஓட்டிய கால் மறுபடி பழக வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 3-ஆம் தேதி அதிகாலை, கொச்சியிலிருந்து வந்த கேஸ் டேங்கர் ஒன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது கவிழ்ந்தது. ஏறக்குறைய 18 டன் கேஸ் இருந்த டேங்க் வண்டியிலிருந்து கழன்று சாலையில் விழுந்து கசிந்தது. தீயணைப்புத் துறையினர் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள், அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தீப்பற்றாததால் உயிர்கள் தப்பின. 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் அப்படித் தப்பவில்லை. கவிழ்ந்த கேஸ் டேங்கர் தீப்பற்றி, பக்கத்து வீடுகளில் இருந்தவர்களையும் சேர்த்து இருபது பேர் இறந்தார்கள்.

மூன்றாவது நாள்: சரக்கைத் தெரிந்துகொள்வது

போலிச் சான்றிதழ் வாங்கியவர் இழப்பது முக்கியமாக இந்த நாளை. ஓட்டுவது அவருக்குத் தெரிந்திருக்கலாம், ஏற்றியிருப்பது என்ன என்று தெரியாது.

முதலில் பலகை. வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் உள்ள அவசரத் தகவல் பலகையில் சரக்கின் பெயர், ஐ.நா. எண், அபாய வகைக் குறியீடு, அவசரத் தொலைபேசி எண்கள் இருக்கும். 1075 என்றால் சமையல் கேஸ். 1203 பெட்ரோல். 1005 அம்மோனியா. விபத்து நடந்த இடத்துக்கு வரும் தீயணைப்பு வீரர் டிரைவரைத் தேடுமுன் இந்த எண்ணைத்தான் பார்ப்பார். எண் மாறினால் தீயை அணைக்கும் முறையே மாறிவிடும். அதனால் சரக்கு மாறும்போது பலகையும் மாறியதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

அடுத்தது டிரெம் கார்டு. ஏற்றியிருக்கும் சரக்கின் தன்மையும் கசிந்தால், தீப்பிடித்தால், உடலில் பட்டால் செய்ய வேண்டியவையும் அச்சிட்ட அட்டை அது. கேபினில் எப்போதும் இருக்க வேண்டும். உங்களால் படிக்க முடிந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பல வண்டிகளில் அது டேஷ்போர்டு பெட்டியில் பழைய டோல் ரசீதுகளுக்கு அடியில் கிடக்கும். பயிற்சியில் அதைக் கையில் கொடுத்து, “வால்வில் கசிவு, பக்கத்தில் டீக்கடை. முதலில் என்ன செய்வாய்?” என்று கேட்டார்கள்.

பையன் சொன்ன பதில்: “வண்டியை எடுத்துட்டு ஊருக்கு வெளிய போயிருவேனுங்க.”

எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில் இது. நல்ல மனசிலிருந்து வருகிற பதில்தான், ஆனாலும் தப்பு. கேஸ் சூழ்ந்திருக்கும் இடத்தில் செல்ஃப் அடித்தால் அந்தப் பொறியே போதும். காற்றில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கேஸ் கலந்தாலே பற்றக்கூடிய நிலை வந்துவிடும். பயிற்றுநர் சரியான வரிசையைச் சொல்லிக்கொடுத்து, நின்றிருந்த வண்டியில் ஒவ்வொருவரையும் செய்து காட்ட வைத்தார்.

1. இன்ஜினை நிறுத்துங்கள், பேட்டரி மெயின் சுவிட்சை அணையுங்கள். மறுபடி இன்ஜினைத் தொடாதீர்கள். உதவியாளரையும் உடனே இறக்குங்கள்.
2. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். முகத்தில் காற்று படும் பக்கம் திரும்பி நடந்து, காற்று வரும் திசையில் நில்லுங்கள்.
3. பாதுகாப்பாக நெருங்க முடிந்தால் மட்டும் அவசர வால்வை மூடுங்கள். கைப்பிடி எங்கே, எந்தப் பக்கம் இழுத்தால் மூடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஏறும் நாளிலேயே கையால் தொட்டுப் பாருங்கள்.
4. டீக்கடை அடுப்பு, சிகரெட், நிற்கும் பைக்குகள் எல்லாம் அணைய வேண்டும். சத்தம் போட்டு ஆட்களை காற்று வரும் பக்கமாக, மேட்டுப் பக்கமாக அனுப்புங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும்.
5. தள்ளிப்போன பிறகு போன் எடுங்கள். 112 அல்லது 101. கேஸ் கசிவுக்கான 1906. பிறகு பலகையில் உள்ள எண்ணும் முதலாளியும். பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது டிரைவரின் சட்டக் கடமை.

இரண்டு தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கசியும் இடத்தில் வெள்ளைப் புகைபோல் தெரிவது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து உண்டாகும் மூட்டம். கேஸ் அந்த மூட்டத்துக்கு வெளியேயும் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். ‘புகைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்’ என்று நிம்மதியாக நிற்காதீர்கள். இன்னொன்று, எரியும் கேஸை அணைக்கத் துடிப்பது. வால்வை மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்தால், கேஸ் பற்றாமல் பரவி, வேறு ஏதோ பொறியில் பெரிதாக வெடிக்கும். மூட முடியாது என்றால் விலகிப் போங்கள். எரியும் சுடர் டேங்கின் மேல் அடித்தால் இன்னும் வேகமாக, இன்னும் தூரமாகப் போங்கள்.

திரவக் கேஸ் தோலில் பட்டால் கடும் குளிரால் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். தேய்க்காதீர்கள், ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாம் நாள் மாலை தேர்வு எழுதி முடித்த பிறகு சான்றிதழ் வந்தது. வாங்கியதும் பெயர், லைசென்ஸ் எண், பயிற்சித் தேதிகள், வரிசை எண், முத்திரை ஆகியவற்றை அங்கேயே நின்று சரிபாருங்கள். பையனின் சான்றிதழில் லைசென்ஸ் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அன்றே திருத்தி வாங்கினான். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும்.

படி 4: லைசென்ஸில் பதிவு

சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் டேங்கர் ஓட்ட உரிமை வந்துவிடாது. பதிவு ஏறும் வரை காத்திருங்கள்.

1. sarathi.parivahan.gov.in தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளுக்குள் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுங்கள்.
2. சேவைப் பட்டியலில் Endorsement to Drive Hazardous Material என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே மலைப்பாதைக்கான பதிவும் இருக்கும், மாற்றித் தொட்டுவிடாதீர்கள்.
3. சான்றிதழைப் பதிவேற்றிக் கட்டணம் கட்டி, ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.
4. அசல் சான்றிதழோடும் லைசென்ஸோடும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள்.

பதிவு ஏறியதா என்று நீங்களே பார்க்கலாம். parivahan.gov.in தளத்தில் லைசென்ஸ் விவரம் பார்க்கும் பக்கத்தில் Hazardous Valid Till என்று ஒரு வரி இருக்கும். பதிவு இல்லாதவருக்கு அங்கே NA என்றிருக்கும். பதிவு ஏறினால் தேதி வரும். பிளான்ட் கேட்டிலும் சாலைச் சோதனையிலும் இந்த வரியைத்தான் பார்ப்பார்கள். புரோக்கர் தரும் எந்தக் காகிதமும் இந்த வரியைத் தானாக மாற்றாது. ‘கார்டில் நாங்களே அச்சடித்துத் தருகிறோம்’ என்று சொன்னால் அது இன்னொரு போலி.

பையன் இந்த வரியில் தேதி வந்ததும் முதலாளிக்குத் திரைப் படம் அனுப்பினான். கேட்டிருந்த பத்து நாளில் ஒரு நாள் மீதி இருந்தது.

படி 5: முதல் லோடுக்கு முன்

வண்டிச் சாவி வாங்கும்போது முதலாளியின் மேனேஜரோ பழைய டிரைவரோ உடனிருக்கட்டும். பலகையில் உள்ள எண், கேபினில் டிரெம் கார்டு, சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டர், இரண்டு தீயணைப்பான்களின் முள் பச்சையில் நிற்கிறதா, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை அவர் முன்னாலேயே பாருங்கள். இல்லாததை நோட்டில் எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள். கோபப்படுவார் என்று தயங்க வேண்டாம். விபத்துக்குப் பிறகு ‘டிரைவர் பார்க்கவில்லை’ என்ற பேச்சு வராமல் காப்பது அந்த நோட்டுதான்.

நம் பையன் பார்த்தபோது ஒரு தீயணைப்பானின் முள் சிவப்பில் இருந்தது. அதை மாற்றிய பிறகுதான் வண்டி எடுத்தான். முதல் நடைக்கு மாமாவைக் கூட அழைத்துப் போகலாமா என்று கேட்டான். மேனேஜர் சம்மதிக்கவில்லை, அது சரிதான். அபாயச் சரக்கு வண்டியில் வேலைக்கு உரியவர் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது.

பதிவு காலாவதி ஆகும் முன்

இந்தப் பதிவு ஆயுள் முழுக்கச் செல்லாது. சட்டத்தின் 14-வது பிரிவில் முன்பு ஓராண்டு என்றிருந்தது, 2019 திருத்தத்தில் மூன்றாண்டாக ஆனது. பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கை நம்பாமல், உங்கள் கார்டிலும் தளத்திலும் உள்ள தேதியை மட்டும் பாருங்கள். ஹெவி லைசென்ஸின் தேதியும் இந்தத் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஹெவி உயிரோடு இருக்கும்போதே ஹசார்டஸ் முடிந்துபோய், அது தெரியாமல் லோடோடு நடுவழியில் மாட்டியவர்கள் உண்டு.

புதுப்பிக்கும் முன் புத்தாக்கப் பயிற்சிக்கு எந்த நிறுவனத்தின் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று மறுபடியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். போன முறை அங்கீகாரம் பெற்றிருந்த நிறுவனத்தின் ஆணை இப்போது முடிந்திருக்கலாம். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போன் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். முதலாளியின் அலுவலகச் சுவரில் எஃப்.சி., பெர்மிட் தேதிகள் எழுதியிருக்கும் பலகையில் உங்கள் பெயருக்கு எதிரே இந்தத் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.